தினமும் புதுப் பயிற்சி: குழம்புவது தசையா, நாமா?

திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அவருக்கு வயது 43. பத்தாம் வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கிறது. கையில் நோட்டுக் கட்டோடு படியேறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை. மூட்டைப் பரிசோதித்த டாக்டர், "தேய்மானம் பெருசா இல்லை. தொடைத் தசைதான் பலவீனமா இருக்கு. அதுக்கு ஏதாவது பயிற்சி செய்ங்க" என்றார். செப்டம்பர் மாதம் வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்தார். தனியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு பர்சனல் டிரெய்னர். வாரம் மூன்று நாள், மாதம் 5,000 ரூபாய்.

டிரெய்னர் நல்ல பையன். நேரத்துக்கு வருவார், சிரித்த முகம், அலுப்புத் தட்டாமல் பார்த்துக்கொள்வார். ஒரு நாள் செய்த பயிற்சி அடுத்த நாள் இருக்காது. ஒரு வாரம் குதித்துக் குதித்து ஸ்குவாட், அடுத்த வாரம் பாதிப் பந்தின் மேல் ஒற்றைக்காலில் நிற்பது, அதற்கடுத்த வாரம் ஏதோ ஒரு மெஷின். "ஏன் மாஸ்டர், போன வாரம் செஞ்சதையே செய்யக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டார். "ஒரே எக்ஸர்சைஸ் செஞ்சா மசில் பழகிடும் மேடம். அதைக் குழப்பிக்கிட்டே இருக்கணும். மசில் கன்ஃப்யூஷன்னு பேரு" என்று பதில் வந்தது. மறுநாள் உட்கார்ந்து எழ முடியாத வலி. வலிக்கிறதென்றால் வேலை செய்கிறது என்று அவரும் நம்பினார்.

நான்கு மாதம் ஓடியது. 20,000 ரூபாய் கட்டியாயிற்று. படிக்கட்டில் கைப்பிடி மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

பதில் இல்லாத கேள்வி

பொங்கல் விடுமுறைக்கு அண்ணன் மகள் வந்திருந்தாள். பிசியோதெரபி இறுதியாண்டு மாணவி. அத்தை ஜிம்முக்குப் போகிறார் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். டிரெய்னர் ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பயிற்சிப் பட்டியலை ஆர்வமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அத்தை, சேர்ந்த புதுசுல ஸ்குவாட்ல எத்தனை கிலோ தூக்கினீங்க? இப்ப எத்தனை கிலோ?"

அத்தைக்குப் பதில் தெரியவில்லை. பட்டியலைப் பார்த்தாவது சொல்ல முடியுமா என்றால், அதுவும் முடியவில்லை. இருவரும் உட்கார்ந்து 16 வாரத்து வெள்ளிக்கிழமைப் பட்டியல்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதினார்கள். வெள்ளிக்கிழமைதான் கால் பயிற்சி நாள். நாளைக்கு மூன்று பயிற்சி வீதம் மொத்தம் 48 வரிகள். அதில் 31 வெவ்வேறு பெயர்கள். பெரும்பாலானவை ஒரே ஒருமுறை வந்து போனவை.

கோப்லெட் ஸ்குவாட் மட்டும் இரண்டு முறை எடையோடு குறிக்கப்பட்டிருந்தது. ஒரு டம்பெல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்கி எழும் பயிற்சி அது. மூன்றாவது வாரத்தில் 5 கிலோ, 12 முறை. பதின்மூன்றாவது வாரத்திலும் அதே 5 கிலோ, அதே 12 முறை. நடுவில் பத்து வாரம் வியர்வை சிந்தியும் அந்த எண் அசையவில்லை. பட்டியல் முழுக்கத் தேடியதில் கிடைத்த ஒரே அளவுகோல் அதுதான், அதுவும் தற்செயலாகக் கிடைத்தது.

ஒரு டிரெய்னரின் திட்டத்தில் பார்க்க வேண்டிய முதல் அபாய அறிகுறி இதுதான். பயிற்சி கடினமாக இருக்கிறதா, வியர்க்கிறதா, வலிக்கிறதா என்பதெல்லாம் பிறகு. நான்கு வாரத்துக்கு முன்பு இருந்ததைவிட இன்று பலம் கூடியிருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் பதில் இருக்கிறதா? பதில் 'இல்லை' என்று வந்தால்கூடப் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். பதிலே சொல்ல முடியாதபடி திட்டம் அமைந்திருந்தால் திருத்தவும் வழியில்லை.

தசையைக் குழப்ப முடியுமா?

மசில் கன்ஃப்யூஷன் என்ற சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜோ வைடர். உடற்கட்டுப் பத்திரிகைகளையும் போட்டிகளையும் நடத்திய அவர், தன் பெயரிலேயே தொகுத்த பயிற்சிக் கொள்கைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்தார். வீட்டு வரவேற்பறை வரை அதைக் கொண்டுவந்தது 2000-களில் அமெரிக்காவில் டிவிடியாக விற்ற P90X என்ற 90 நாள் பயிற்சி. டோனி ஹார்ட்டன் என்ற பயிற்சியாளர் அதை நடத்தினார். தசை பழகிவிடாமல் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் ரகசியம் என்று விளம்பரம் சொன்னது.

ஆனால் அந்த P90X அட்டவணையை எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதல் மூன்று வாரமும் அதே பயிற்சிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நான்காவது வாரம் உடம்புக்குக் கொஞ்சம் இளைப்பாறல். அதன் பிறகுதான் சில பயிற்சிகள் மாறுகின்றன, அவையும் மீண்டும் மூன்று வாரம் நிற்கின்றன. எத்தனை முறை செய்தோம், எவ்வளவு எடை என்று எழுதிவைக்கத் தனித்தாளும் கூடவே உண்டு. மாற்றத்தை விற்ற நிறுவனமே தினமும் மாற்றச் சொல்லவில்லை.

தசைக்கு அலுப்பும் கிடையாது, குழப்பமும் கிடையாது. தன் மேல் எவ்வளவு இழுவிசை விழுகிறது, அது எத்தனை முறை விழுகிறது என்பதற்குத்தான் அது பதில் சொல்கிறது. பழகிய சுமைக்கு மேல் கொஞ்சம் கூடினால், அதைத் தாங்கும் அளவுக்குத் தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. "பழகிடும்" என்று டிரெய்னர் பயமுறுத்தினாரே, அந்தப் பழகுதல்தான் பயிற்சியின் பலன். 5 கிலோ பழகிவிட்டால் மாற்ற வேண்டியது எடையை, 7.5 கிலோ எடுக்க வேண்டும். பயிற்சியையே தூக்கிப் போட வேண்டியதில்லை.

எந்தப் பயிற்சியானாலும் முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு மூளைக்கும் நரம்புகளுக்கும் உரியது. எந்தத் தசையை எப்போது இறுக்குவது, எங்கே சமநிலை பிடிப்பது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. சைக்கிள் பழகும்போது முதல் வாரம் முழுக்கக் கவனம் விழாமல் இருப்பதிலேயே போய்விடும். வேகமாக மிதிப்பது பிறகுதான். வாரம் ஒரு புதுப் பயிற்சி என்றால், வாரம் ஒருமுறை சைக்கிளிலிருந்து இறக்கி வேறு வண்டியில் ஏற்றுவதுபோல. பாதிப் பந்தின் மேல் ஒற்றைக்காலில் தள்ளாடும்போது நின்றுபோவதற்குக் காரணம் தொடையின் களைப்பு அல்ல, சமநிலை தவறுவதுதான். தொடைக்குப் போதுமான வேலை போய்ச் சேரவே இல்லை. ஆசிரியை நான்கு மாதமும் கற்றுக்கொண்டே இருந்தார். கற்றதை வைத்துச் சுமையைக் கூட்டும் கட்டத்துக்கு வரவே இல்லை.

படிப்படியாகச் சுமை கூட்டும் இந்த முறைக்கு மருத்துவ வரலாறே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களின் கால் தசைகளைத் தேற்றுவதற்கு, தாமஸ் டிலார்ம் என்ற ராணுவ மருத்துவர் எடைப் பயிற்சியைப் பயன்படுத்தி, 1945-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவர் முறையின் அடிப்படை மிக எளிமையானது. நோயாளி சரியாகப் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று பார்ப்பார். வாரம் ஒருமுறை அதே பயிற்சியில் அதே சோதனை. எடை ஏறினால் தசை தேறுகிறது என்று பொருள். பயிற்சி மாறாமல் இருந்ததால்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

வலி எதைச் சொல்கிறது?

"நேத்து நல்லா வலிச்சுதா மேடம்?" என்பது அந்த டிரெய்னர் தினமும் கேட்கும் கேள்வி. "வலிச்சுது" என்றால் அவர் முகம் மலரும். இது இரண்டாவது அபாய அறிகுறி.

பயிற்சி முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும் அந்தத் தசை வலி, பெரும்பாலும் பழக்கமில்லாத வேலை செய்ததற்கான அடையாளம். வெள்ளையடிக்க வீட்டைக் காலி செய்த மறுநாளும் இதே வலி வரும். அதனால் யாருக்கும் தசை வளர்ந்துவிடுவதில்லை. ஒரே பயிற்சியைச் சில நாள் இடைவெளியில் மீண்டும் செய்தால், இரண்டாவது முறையே வலி வெகுவாகக் குறைந்துவிடும். உடம்பின் இயல்பான பாதுகாப்பு அது. எனவே, வாரா வாரம் பயிற்சியை மாற்றினால் வாரா வாரம் வலி நிச்சயம். வாடிக்கையாளருக்கோ, மாஸ்டர் பலமாக வேலை வாங்குகிறார் என்று தோன்றும்.

பிரேசில் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இங்கே உதவுகிறது. பயிற்சிக்குப் புதிய இளைஞர்களைப் பத்து வாரம் ஒரே திட்டத்தில் வைத்துக் கவனித்தார்கள். முதல் சில நாள்களில் தசையில் புதுப் புரதம் உருவாவது அதிகமாக இருந்தாலும், அதில் பெரும்பகுதி சேதத்தைச் சரிசெய்யவே செலவாகியிருக்கிறது. சில வாரம் கழிந்து சேதம் குறைந்த பிறகுதான் அந்தப் புரத உற்பத்தி தசை வளர்ச்சியோடு ஒத்துப்போனது. தினமும் புதுப் பயிற்சி கொடுத்து வலியை வரவழைப்பது, கட்டிய சுவரை இடித்து இடித்துப் பூசிக்கொண்டிருப்பதுபோல.

இதில் அரிதான ஆனால் உண்மையான ஆபத்தும் ஒன்று உண்டு. பழக்கமே இல்லாத பயிற்சியை முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்தால், தசை பெருமளவில் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கலாம். கை கால் தாங்க முடியாத வலியோடு வீங்கி, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அது சாதாரண ஜிம் வலி அல்ல. எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மாற்றமே கூடாதா?

அப்படியும் இல்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே எடைப் பயிற்சி செய்துவந்த ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எட்டு வாரத்துக்கு ஒரு குழுவுக்கு மாறாத பயிற்சிகள்; மற்றொரு குழுவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு செயலி தாறுமாறாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பயிற்சிகள். தசை வளர்ச்சியில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாற்றி மாற்றிச் செய்தவர்களுக்குப் பயிற்சியில் ஆர்வம் மட்டும் கூடியிருந்தது.

இதிலிருந்து தெரிவது, மாற்றம் தசைக்கு விஷமும் அல்ல, மந்திரமும் அல்ல. ஆனால் அவர்கள் அனுபவசாலிகள். பயிற்சிகளை முன்பே கற்றவர்கள், எத்தனை செட், எவ்வளவு கடினம் என்பதெல்லாம் கண்காணிக்கப்பட்டவர்கள். புதிதாகச் சேர்ந்த 43 வயதுக்காரருக்கு அந்த வசதி எதுவும் இல்லை.

காரணத்தோடு வரும் மாற்றத்தை எளிதில் அடையாளம் காணலாம். முழங்காலில் குத்தல் வந்தால் பயிற்சியை மாற்றத்தான் வேண்டும். மெஷினில் ஆள் இருந்தால் அதே தசைக்கு அதே மாதிரியான இன்னொன்று கொடுப்பதிலும் தவறில்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தும் மூன்று வாரமாக எண் நகரவில்லை என்றால் ஒரு மாற்றம் தேவைப்படலாம். ஆறு முதல் எட்டு வாரம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போதும் மாற்றலாம். இவை ஒவ்வொன்றிலும் "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால் அந்த ஆளின் உடம்பைப் பற்றிய ஒரு பதில் வரும். "தசையைக் குழப்ப" என்ற பதிலோ யாருக்கும் பொருந்தும், எந்த நாளுக்கும் பொருந்தும். மூன்றாவது அபாய அறிகுறி அதுதான்.

மாறாத நான்கு பயிற்சிகள்

பொங்கல் முடிந்து ஜிம்முக்குப் போன ஆசிரியை சண்டை போடவில்லை. "மாஸ்டர், எட்டு வாரத்துக்கு நாலு எக்ஸர்சைஸ் மட்டும் மாறாம இருக்கட்டும். நான் நோட்டுல எழுதிக்கிறேன்" என்றார். டிரெய்னர் தயங்கினார். "போரடிச்சிடும் மேடம். போரடிச்சா நிறைய பேர் நின்னுடறாங்க" என்று மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். அவர் ஏமாற்றவில்லை. ஆள் நிற்காமல் இருக்க என்ன வழி என்பதைத்தான் அவர் கற்றிருந்தார். முடிவில் ஓர் உடன்பாடு: முதல் அரைமணி நேரம் மாறாத பயிற்சி, கடைசிப் பத்து நிமிடம் மாஸ்டர் விருப்பம்.

அந்த நான்கு: கோப்லெட் ஸ்குவாட், தாழ்வான பலகையில் ஏறி இறங்குவது, டம்பெல்லைப் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது, உட்கார்ந்தபடி கேபிளை இழுப்பது. வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் மூன்று செட். இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்திவிட வேண்டும். மூன்று செட்டிலும் 12 முறை ஒழுங்காக வந்துவிட்டால், அடுத்த முறை எடை ஒரு படி ஏறும்; எண்ணிக்கை எட்டுக்கு அருகில் இறங்கும். பிறகு மீண்டும் 12-ஐ நோக்கி ஏற வேண்டும்.

கோப்லெட் ஸ்குவாட் பக்கத்தில் மட்டும் நோட்டு இப்படிப் போனது. முதல் வாரம் 5 கிலோ, மூன்று செட்டிலும் பத்துப் பத்து. இரண்டாவது வாரம் அதே 5 கிலோவில் பன்னிரண்டு. மூன்றாவது வாரம் 7.5 கிலோ, 9, 8, 8. நான்காவது வாரம் காய்ச்சல், ஒரு நாள்தான் போக முடிந்தது, எண் மாறவில்லை. ஐந்தாவது வாரம் 11, 10, 10. ஆறாவது வாரம் மூன்று செட்டிலும் 12. ஏழாவது வாரம் 10 கிலோ. 8, 8, 7. எட்டாவது வாரம் 10, 9, 9.

முதல் நான்கு மாதத்தில் அசையாத எடை, இரண்டே மாதத்தில் இரட்டிப்பானது. இதே வேகம் என்றைக்கும் இருக்காது. போகப்போக ஒரு படி ஏறவே பல வாரம் பிடிக்கும். சில வாரம் எண் இறங்கவும் செய்யும். அப்படி இறங்கும்போதும் என்ன நடந்தது என்று நோட்டில் பார்க்க முடியும். காய்ச்சல் வந்த வாரம் அதில் தெரிகிறதே, அதுபோல.

இரண்டாவது வாரத்துக்குப் பிறகு மறுநாள் வலி கிட்டத்தட்டக் காணாமல் போனது. ஆசிரியைக்கே கொஞ்சம் சந்தேகம். போனில் அண்ணன் மகளிடம் கேட்டார்.

"வலியே இல்லையேடி, வேலை செய்யுதா?"

"நோட்டைப் பாருங்க அத்தை. வலியைக் கேக்காதீங்க."

டிரெய்னரிடம் என்ன கேட்பது?

புதிதாகச் சேருகிறவர்கள் பணம் கட்டும் முன்பே மூன்று கேள்வி கேட்கலாம். எட்டு வாரம் மாறாமல் இருக்கப்போகும் முக்கியப் பயிற்சிகள் எவை? என் எடையையும் எண்ணிக்கையையும் யார், எதில் எழுதுவார்கள்? நான் முன்னேறாவிட்டால் அது எந்த வாரத்தில், எப்படித் தெரியும்? சட்டைக்குள் புடைத்துத் தெரியும் தசையோ, சுவரில் மாட்டிய சான்றிதழோ இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது. நல்ல டிரெய்னர் மூன்றுக்கும் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். "அதெல்லாம் என் தலையிலேயே இருக்கு" என்றால், அவரிடம் பயிற்சி பெறும் மற்ற முப்பது பேரின் கணக்கும் அதே தலையில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு வாட்ஸ்அப்பே போதும். கடந்த எட்டு வாரப் பட்டியலைப் புரட்டி, நான்கு முறைக்கு மேல் வந்த பயிற்சி எது என்று தேடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அடுத்த பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மார்ச் மாதம், பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம், ஆசிரியை திருத்திய விடைத்தாள் கட்டோடு இரண்டாவது மாடிக்கு ஏறினார். நடுவில் நிற்கவில்லை. கடைசி நான்கு படியில் மட்டும் கை தன்னால் கைப்பிடியைத் தொட்டது. அன்று மாலை ஸ்குவாட் பக்கத்தின் கீழே அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டார்: 'கைப்பிடி - கடைசி நாலு படி மட்டும்.'